முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இடம் மாறும் வலி

"என் மகளுக்கு 9 வயது. மூன்று வாரம் முன்பு தொண்டை வலி, காய்ச்சல். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் கொடுத்தோம், சரியாகிவிட்டது. போன வாரம் முழங்கால் வீங்கியது. அது வடிந்து இப்போது கணுக்கால் வீங்கியிருக்கிறது. வளர்ச்சி வலி என்கிறார்கள். இதயத்தைப் பாதிக்கும் என்று நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. ஐஸ்கிரீமால் வந்ததா? டான்சிலை எடுத்துவிடலாமா?"

ஐஸ்கிரீம் காரணமில்லை. டான்சில் பேச்சும் இப்போது வேண்டாம். வளர்ச்சி வலியில் மூட்டு வீங்காது. ராத்திரி காலைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளை காலையில் ஓடி விளையாடும். தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு மூட்டு வீங்கி, அது வடிய வடிய இன்னொன்று வீங்கினால், ருமாட்டிக் காய்ச்சலா என்று பார்த்தே ஆக வேண்டும். இன்றே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இந்தக் காய்ச்சலில், தொண்டை வலியைக் கொடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இதயத்துக்குப் போய் உட்காருவதில்லை. அந்தக் கிருமியின் மேல் எம் புரதம் என்று ஒன்று உண்டு. அதன் சில பகுதிகள் நம் இதயத் தசையில் உள்ள மயோசின் புரதத்தின் சாயலில் இருக்கும். கிருமியை எதிர்க்க உடல் தயாரித்த எதிர்ப்பொருள்களும் வெள்ளை அணுக்களும் ஆள் மாறி இதயத்தையே தாக்குகின்றன. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்குத்தான். மூட்டு வீக்கம் தடம் தெரியாமல் ஆறிவிடும். ஆனால் இதயத்தின் மைட்ரல் வால்வில் வரும் அழற்சி தழும்பாகி, வால்வு சரியாக மூடாமல் போகலாம். ஆரம்பத்தில் வலியே இருக்காது. அதனால் ஸ்டெத்தில் சத்தம் கேட்காவிட்டாலும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்வோம்.

டாக்டர் பார்க்கும்வரை புரூஃபென் மாதிரி வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். ஓரிரு நாளில் வீக்கம் வடிந்து, நோயின் அடையாளமே மறைந்துவிடும். ஏஎஸ்ஓ ரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்தால், சமீபத்தில் அந்தக் கிருமி வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு எண்ணை நெட்டில் தேடி, மூட்டு வீக்கமே இல்லாத பிள்ளைக்குப் பென்சிலின் ஊசி கேட்டுச் சிலர் வருகிறார்கள். அது தப்பு.

நோய் உறுதியானால் 21 நாளுக்கு ஒரு முறை பென்சாதைன் பென்சிலின் ஊசி. இதயம் தப்பியிருந்தாலும் குறைந்தது ஐந்து வருஷம் போட வேண்டும். வால்வு பாதித்திருந்தால் பத்து வருஷமோ அதற்கு மேலோ. ஊசி வலிக்கும், பிள்ளை அழுவாள், ஆனாலும் ஒரு தவணைகூடத் தவறக் கூடாது. மறுபடி தொண்டைத் தொற்று வந்தால் அதே தாக்குதல் திரும்பலாம், ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கெடலாம்.

வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா? மூக்கொழுகலும் இருமலுமாக வரும் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ், அதற்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம். சளி இல்லாமல் திடீர்க் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத வலி, கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டி என்றால் டாக்டர் பார்க்கட்டும். வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் ஆரம்பித்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். மாத்திரையாகக் கொடுத்தால் முழுசாகப் பத்து நாள், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டாலும் சரி.