டெர்மினல் வேல்யூவில் 1% மாற்றினால் மதிப்பு ஏன் இப்படித் தாவுகிறது? கேள்வி பதில்

கேள்வி: அடுத்த ஆண்டு வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 200 கோடி, வரி 25%, தேய்மானம் 40, கேபெக்ஸ் 75, நடைமுறை மூலதனத்துக்குக் கூடுதலாக 15. ஃப்ரீ கேஷ் ஃப்ளோ 100 வருகிறது. ஐந்தாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 8% வளர்ச்சி, அதன்பின் நிரந்தரமாக 4%, மூலதனச் செலவு 11%. நிறுவன மதிப்பு 1,626 கோடி. ஆனால் 4-ஐ 5 ஆக்கினால் 1,840, 3 ஆக்கினால் 1,466. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: கணக்கு சரி. 1,626-ல் முதல் ஐந்து ஆண்டுகளின் பங்கு 427 தான். மீதி 1,199 டெர்மினல் வேல்யூ, அதாவது ஐந்தாம் ஆண்டுக்குப் பிந்தைய நிரந்தரக் காலம் முழுவதன் இன்றைய மதிப்பு; மொத்தத்தில் 74%. ஆனால் உங்கள் அட்டவணை வளர்ச்சியை மட்டும் மாற்றவில்லை, சொல்லாமல் இன்னொன்றையும் மாற்றுகிறது.

வரிக்குப் பிந்தைய இயக்க லாபம் 150. அதில் 50 மறுமுதலீடாகப் போகிறது (கேபெக்ஸ் 75-ல் தேய்மானம் 40 போக 35, அதோடு 15). மூன்றில் ஒரு பங்கு. அதே பங்கை நிரந்தரக் காலத்திலும் வைத்துக்கொண்டு 4% வளர்ந்தால், புதிதாகப் போடும் பணம் 12% ஈட்டுகிறது என்று பொருள். வளர்ச்சியை 5% ஆக்கும்போது மறுமுதலீடு அப்படியே இருப்பதால், அந்த வருவாய் விகிதம் 15% ஆகிவிடுகிறது. 3% ஆக்கினால் 9%, மூலதனச் செலவுக்கும் கீழே. கூடுதல் வளர்ச்சியை நீங்கள் இலவசமாகக் கொடுத்துவிட்டீர்கள். 1,466-க்கும் 1,840-க்கும் இடையிலான தூரத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

வருவாய் விகிதத்தை 12%-ல் நிறுத்தி, மறுமுதலீட்டை வளர்ச்சியோடு கட்டிப் போடுங்கள்:

```
=NOPAT5*(1+g)*(1-g/ROIC)/(WACC-g)
```

இதில் `NOPAT5` என்பது ஐந்தாம் ஆண்டின் வரிக்குப் பிந்தைய இயக்க லாபம், 204. `g` நிரந்தர வளர்ச்சி, `ROIC` புதுப் பணத்தின் வருவாய் விகிதம், `WACC` மூலதனச் செலவு. கிடைப்பதைத் தள்ளுபடி செய்து 427-ஐக் கூட்டினால், 3%-க்கு 1,596, 4%-க்கு 1,626, 5%-க்கு 1,663. முன்பு 374 கோடி அகலத்தில் இருந்த வீச்சு 67 கோடிக்குள் வந்துவிடும்.

கேள்வி: மேலே உள்ள கணக்கில் வட்டியைக் கழிக்கவே இல்லையே? பங்குதாரருக்கு மிஞ்சுவது அதைவிடக் குறைவாகத்தானே இருக்கும்?

பதில்: வட்டி ஏற்கெனவே 11%-க்குள் இருக்கிறது. அங்கேயும் எடுத்து இங்கேயும் கழித்தால் இரண்டு முறை தண்டனை. கடனை நிறுவன மதிப்பிலிருந்து கடைசியில் ஒரே தடவை கழிக்க வேண்டும். நிகரக் கடன் 400 என்றால் பங்குதாரருக்கு 1,226.

அந்த இடத்தில்தான் மூலதனச் செலவின் உறுத்தல் தெரியும். 11-ஐ 12 ஆக்கினால் நிறுவன மதிப்பு 1,419, சரிவு 13%. கடன் குறையாது என்பதால் பங்கு மதிப்பு 1,019-க்கு இறங்கும், சரிவு 17%. 10 ஆக்கினால் 1,903-ம் 1,503-ம். சரியாகக் கட்டிய மாடலில் வளர்ச்சியைவிட மூலதனச் செலவுதான் அதிகம் ஆட்டுகிறது. விவாதத்துக்கான நேரத்தை அதில் செலவிடுங்கள். அட்டவணையையும் பங்கு மதிப்புக்கே போடுங்கள்.

கேள்வி: நிரந்தரக் காலத்தில் நிறுவனம் முதிர்ந்துவிடும், கேபெக்ஸும் தேய்மானமும் சமம் என்று வைப்பதுதானே வழக்கம்? நடைமுறை மூலதன மாற்றமும் பூஜ்யம்.

பதில்: வழக்கம்தான், வளர்ச்சியும் பூஜ்யமாக இருந்தால். 4% வளரும் நிறுவனத்துக்கு இப்படி வைத்தால் மறுமுதலீடே இல்லாமல் லாபம் காலாகாலத்துக்கும் கூடுகிறது என்கிறீர்கள். இந்த மாடலில் மதிப்பு 1,626-லிருந்து 2,226-க்கு ஏறிவிடும். பிறர் மாடல் கையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு செல்களைத்தான். இறுதி ஆண்டின் நிகர மறுமுதலீட்டை லாபத்தால் வகுங்கள். வளர்ச்சியை அந்த விகிதத்தால் வகுங்கள். 40%, 60% என்று வருவாய் வந்தால் அது நிரந்தரமாக நிற்கக் காரணம் கேளுங்கள்.

கேள்வி: டெர்மினல் வேல்யூ 74% என்றால் மாடல் பலவீனம். ஐந்துக்குப் பதில் பத்து ஆண்டு நீட்டினால் 50% பக்கம் வந்துவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

பதில்: பாதி சரி. 6 முதல் 10 வரை அதே 4% வளர்ச்சியும் அதே மறுமுதலீட்டுப் பங்கும் போட்டு நீட்டினால் டெர்மினலின் பங்கு 53%-க்கு இறங்கும். மதிப்பு 1,626-லேயே நிற்கும். அனுமானம் எதுவும் குறையவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீட்டுவதற்கு வேறு நல்ல காரணம் இருக்கிறது. இங்கே ஐந்தாம் ஆண்டில் 8% வளர்ந்த நிறுவனம் ஆறாம் ஆண்டில் திடீரென 4%-க்கு விழுகிறது. முதல் ஐந்து ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு மறுமுதலீட்டில் 8% வளர்ந்தால், புதுப் பணம் 24% ஈட்டுகிறது, மறுநாளே 12%. இந்தச் சரிவைப் படிப்படியாகக் காட்ட நினைத்தால் பத்து ஆண்டு தேவை. சதவீதத்தை அழகாக்க அல்ல.

கேள்வி: எங்களுடையது உலோகத் தொழில். விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டு ஐந்தாம் ஆண்டாக விழுகிறது. ஐந்தை நான்காக்கிப் பார்த்தேன், மதிப்பு குறைகிறது. எந்த ஆண்டில் நிறுத்துவது?

பதில்: எந்த ஆண்டில் நிறுத்தினாலும் அதன் லாப விகிதத்தை நிரந்தரமாக்குகிறீர்கள். ஆண்டைத் தேடாதீர்கள். முழுச் சுழற்சி ஒன்றின் சராசரி லாப விகிதத்தை இறுதி ஆண்டு விற்பனை மேல் வையுங்கள்.

மேலுள்ள மாடலிலேயே இறுதி லாபம் 20% குறைந்தால் டெர்மினல் பகுதி 240 கோடி குறையும். ஆனால் அதே முதலீடு குறைவாக ஈட்டுவதால் புதுப் பணத்தின் வருவாயும் 12-லிருந்து 9.6 ஆகும். இதையும் சேர்த்தால் குறைவு 360. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒன்று: 9.6 என்பது 11-ஐவிடக் குறைவு. எனவே வளர்ச்சியை ஏற்ற ஏற்ற மதிப்பு இறங்கும். அட்டவணை தலைகீழாக வந்தால் ஃபார்முலாவைத் திருத்தப் போகாதீர்கள், அது சரியாகத்தான் சொல்கிறது.

கேள்வி: நிரந்தர வருவாய் 12% என்று எப்படி முடிவு செய்தீர்கள்? போட்டி வந்தால் மூலதனச் செலவுக்கே இறங்கிவிடாதா?

பதில்: 12 இந்த மாடலின் எண்களுக்குள்ளேயே ஒளிந்திருந்தது, நான் வெளியே எடுத்தேன். அது நிற்குமா என்பதில் துறையில் ஒருமித்த கருத்து இல்லை. 11-க்கே இறங்கும் என்று வைத்தால் மதிப்பு 1,572. அந்த நிலையில் வளர்ச்சி எதுவானாலும் மதிப்பு பெரிதாக அசையாது. பிராண்டோ உரிமமோ காக்கும் தொழிலுக்கு ஓரிரு புள்ளி மேலே விடலாம் என்பது என் கட்சி. விடவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். 1,572, 1,626 இரண்டையும் காட்டுங்கள்.

வளர்ச்சிக்கு மேல்வரம்பு வேறு கதை. பணவீக்கம் சேர்ந்த மூலதனச் செலவுக்குப் பணவீக்கம் சேர்ந்த வளர்ச்சிதான், அதுவும் அந்தப் பொருளாதாரத்தின் நீண்டகால வளர்ச்சியைத் தாண்டாமல்.

கேள்வி: டேட்டா டேபிள் போட்டேன், எல்லாக் கட்டத்திலும் 1,626 மட்டுமே வருகிறது!

பதில்: கணக்கீட்டு முறை `Automatic Except for Data Tables` என்று இருக்கும், F9 அழுத்துங்கள். அப்படியும் மாறாவிட்டால் ஃபார்முலாவில் எங்கோ 11%-ஐ எண்ணாகவே தட்டச்சு செய்திருப்பீர்கள். உள்ளீட்டுச் செல்கள் அட்டவணை இருக்கும் அதே ஷீட்டில் இருக்க வேண்டும், வேறு ஷீட்டைக் காட்டினால் எக்செல் ஏற்காது.