மன்னித்தோம், சாவியைத் திரும்பக் கொடுக்கவில்லை

கேள்வி: தப்பு செய்தவனை மன்னித்துவிட்டால் அது நியாயத்துக்கு விரோதம் ஆகாதா? மன்னிப்பதும், "பாவம், அவன் என்ன பண்ணுவான்" என்று விடுவதும் ஒன்றுதானே?

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். எனக்கு இந்த வித்தியாசம் பிடிபட்டது அங்கேதான்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு, பங்காளிகள் நான்கு பேருக்கும் பொது. நாங்கள் எல்லோரும் வெளியூர். பெரியப்பா மகன் ஊரிலேயே இருந்ததால் எல்லா அறைச் சாவியும் அண்ணனிடம்தான் இருந்தது. ஒரு முறை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குப் போனபோது என் ஆத்தா தன் அறையைத் திறந்து, கல்யாணத்தில் வந்த சாமான்களைப் பழைய பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். 11 சாமான் குறைந்தது.

விசாரித்தால் அதற்குள் இரண்டு கதை இருந்தது. மூன்று பித்தளைத் தவலைகளை அண்ணன் தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்தார். யாருடையது என்று காட்டப் பாத்திரத்தில் வெட்டும் குடும்ப எழுத்துகளை விலாசம் என்போம். அதில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றே. மூன்றாவது எழுத்து தேய்ந்து போயிருந்தது. தன்னுடையது என்றே நினைத்திருக்கிறார். மற்ற எட்டையும், ஆத்தாவுடையது என்று தெரிந்தே, பழைய சாமான் கடையில் விற்றிருந்தார்.

அந்த மூன்று தவலை விஷயத்தில் மன்னிக்க எதுவுமே இல்லை. தெரியாமல் நடந்தது, அவர் மேல் குற்றம் நிற்கவில்லை. தவலைகள் திரும்பி வந்தன, ஆத்தாவும் "விடுப்பா" என்றார். காரணத்தைக் கேட்டு, இவர் மேல் பழி இல்லை என்று முடிவு செய்வதுதான் விட்டுவிடுவது.

எட்டு சாமான் அப்படி இல்லை. கடன் கழுத்தை நெரித்தது என்றார் அண்ணன். அது உண்மைதான், எங்களுக்கும் தெரியும். ஆனால் ஆத்தாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கடன் அவர் ஏன் செய்தார் என்பதை விளக்குகிறது, பழியைக் கொஞ்சம் குறைக்கவும் செய்கிறது. ஆனால் துடைக்கவில்லை. பழி மிச்சம் இருக்கும் இடத்தில்தான் மன்னிப்புக்கே வேலை வருகிறது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் "பாவம், அவன் நிலைமை" என்றே பேசினார்கள். ஆத்தாவை மன்னிக்கச் சொல்வதாக அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் நடந்ததைத் தப்பே இல்லை என்று ஒத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆத்தாவுக்கு அதுதான் வலித்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: மன்னித்த பிறகும் "நீ செய்தது தப்பு" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடிகிறதா? அதைச் சொல்லவே கூடாது என்று தடுத்தால், அங்கே கேட்கப்படுவது மன்னிப்பு இல்லை.

ஆத்தா சொன்னார். "தம்பி, நீ செஞ்சது திருட்டு. என் மனசுல உன் மேல இருந்த கோவத்தை இன்னைக்கு எறக்கி வச்சுட்டேன். சாமானுக்கு வழி பண்ணு."

அண்ணன் குழம்பிப் போனார். "மன்னிச்சாச்சுன்னா அப்புறம் பணம் எதுக்கு சின்னாத்தா?" என்று கேட்டார். நீங்கள் கேட்பதும் இதே கேள்விதான் என்று நினைக்கிறேன். அவர் மேல் உள்ள கோபம் ஆத்தாவின் மனதில் இருப்பது, அதை விடுவதே மன்னிப்பு. சாமானின் ஈடு என்பது அவர் பட்ட கடன். அதைத் தள்ளுபடி செய்வது வேறொரு தானம். ஆத்தா விரும்பினால் அதையும் செய்திருக்கலாம், ஆனால் மன்னித்த காரணத்தால் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. நம்பிக்கை மூன்றாவது. அது நடத்தையைப் பார்த்து மெதுவாக வருவது. அதனால் சாவி இப்போது வேறொரு பங்காளியிடம் இருக்கிறது. கடையில் இருந்த ஐந்து சாமான்களை அண்ணனே மீட்டுக் கொடுத்தார். மூன்றுக்கு மாதாமாதம் பணம் தந்து முடித்தார். இந்தத் தீபாவளிக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

இன்னொன்று. இந்த எட்டு போக அண்ணன் விற்ற ஒரு வெண்கலப் பானை பொதுப் பங்கு என்று பிறகு தெரிந்தது. அதற்கு ஆத்தா மன்னிப்பு சொல்லவில்லை. "அது என்னுது மட்டும் இல்லையே" என்றார். தனக்கு நேர்ந்ததை மட்டும்தான் ஒருவர் மன்னிக்க முடியும்.

பெரிய குற்றங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1999-ல் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலியக் கிறிஸ்தவ ஊழியர் கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறு மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்துக் கொன்றார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொலைகாரர்களை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு அதனால் நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளிக்குக் கீழ்க் கோர்ட் கொடுத்த தூக்கு ஆயுளாகக் குறைந்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. கொலை அந்தக் குடும்பத்துக்கு மட்டும் செய்த தீங்கு இல்லை என்பதால் அதில் அரசுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கிளாடிஸ் விட்டுக்கொடுத்தது அவர் கையில் இருந்த கணக்கை மட்டும்தான்.

ஆனால் ஒரு இடத்தில் மன்னிப்பு நியாயத்தோடு மோதத்தான் செய்யும். வீட்டில் பெண்ணை அடிக்கும் கணவனை "மன்னித்துவிடு" என்று அவளிடம் சொல்லி, அந்த வார்த்தையை வைத்தே புகாரை வாபஸ் வாங்க வைக்கிறார்களே, அங்கே. அவள் மனம் ஆறுவதற்குள் பிடுங்கி வாங்கிய சொல் அது.