இறந்துபோன அப்பா திரும்பி வந்தால் அது பிழையா?

கேள்வி: "சியர்ஸ்" என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் ஃப்ரேசியர் என்ற பாத்திரம் தன் அப்பா இறந்துவிட்டதாகச் சொல்கிறார். அவரையே நாயகனாக வைத்து அடுத்து வந்த "ஃப்ரேசியர்" தொடரில் அதே அப்பா அவர் வீட்டிலேயே குடியிருக்கிறார்! தொடர்களில் வரும் தவறுகளைத் தொகுத்து வருகிறேன். இதைச் சேர்க்கலாமா? நண்பர் இது தவறில்லை, ரெட்கான் என்கிறார். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: சேர்க்க வேண்டாம், நண்பர் சொல்வதுதான் சரி. பழைய கதையில் நடந்ததாகச் சொன்னதைப் பின்னால் வரும் கதை தெரிந்தே மாற்றி எழுதினால் அது ரெட்கான். மறதியில் மாறிப்போனால் பிழை. எழுத்தாளர் மனதுக்குள் புகுந்து பார்க்க முடியாது என்பதால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்த மாற்றத்தை எடுத்துவிட்டால் புதிய கதை நிற்குமா?

1993 செப்டம்பரில் "ஃப்ரேசியர்" தொடங்கியபோது, மார்ட்டின் என்ற அந்த அப்பாதான் தொடருக்கே அஸ்திவாரம். இடுப்பில் குண்டடி பட்டு ஓய்வு பெற்ற போலீஸ்காரர். நாகரிகம் பார்க்கும் மகனின் சியாட்டில் வீட்டுக்குத் தன் பழைய சாய்வு நாற்காலியோடும் நாயோடும் வந்து சேர்கிறார். அவரை எடுத்துவிட்டால் 11 சீசன் கதையில் பாதி போய்விடும். மறதியில் யாரும் இவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்ப மாட்டார்கள்.

விளக்கம் பிறகுதான் வந்தது. 1995-இல் பழைய தொடரின் சாம் விருந்தாளியாக வந்து, "உன் அப்பா செத்துவிட்டார் என்றாயே?" என்று கேட்கிறார். அப்பாவோடு சண்டை, கோபத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்கிறார் ஃப்ரேசியர். இந்த ஒரு பதில் பழைய எபிசோடைப் பொய்யாக்கவில்லை. அங்கே பேசிய மனிதரைப் பொய் சொன்னவராக்கியது, அவ்வளவுதான். அவர் சுபாவத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. விளக்கம் இல்லாத அந்த ஒன்றரை வருடமும் அது ரெட்கானாகவே இருந்தது என்பதையும் கவனியுங்கள். விளக்கம் வருவது நல்ல அடையாளம், கட்டாயம் இல்லை.

இது இவ்வளவு சுலபமாக முடிந்ததற்குக் காரணம், அப்பாவின் மரணம் வாயால் சொல்லப்பட்டதே தவிர திரையில் காட்டப்படவில்லை. அம்மா ஹெஸ்டரின் கதை வேறு. அவர் "சியர்ஸ்" எபிசோடு ஒன்றில் நேரிலேயே வந்து, மகனின் காதலி டயானை மிரட்டிவிட்டுப் போகிறார். அதனால் புதிய தொடரிலும் அதே ஹெஸ்டர்தான் அம்மா; இடையில் காலமாகிவிட்டார் என்று மட்டும் வைத்தார்கள். ஆகவே குறிப்பு எடுக்கும்போது, பழைய தகவல் யாரோ சொன்னதா, நாம் பார்த்ததா என்றும் எழுதிக்கொள்ளுங்கள். (மார்ட்டினாக நடித்த ஜான் மஹோனி "சியர்ஸ்" எபிசோடு ஒன்றில் வேறொரு பாத்திரத்தில் வந்துபோயிருக்கிறார். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நம்மூர் சீரியலில் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று கார்டு போடுவதைப் போல அது நடிகர் தேர்வு சம்பந்தப்பட்டது, கதையின் கடந்த காலத்தைத் தொடுவதில்லை.)

இப்போது உண்மையான பிழை ஒன்று. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில் (1887) டாக்டர் வாட்சனுக்கு ஆப்கன் போரில் தோளில் குண்டு பாய்கிறது. இரண்டாவது நாவலில் (1890) அந்தக் காயம் காலில். இந்த இடமாற்றத்தால் கதையில் எதுவும் நகரவில்லை, யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. 1892-இல் வந்த ஒரு சிறுகதையில் குண்டு "கை கால்களில் ஒன்றில்" இருப்பதாக மட்டும் வருகிறது. கானன் டாயில் நழுவுகிறார் என்றே எனக்குப் படுகிறது. இதைத் தாராளமாகச் சேருங்கள்.

அப்புறம், இரண்டுக்கும் நடுவே நிற்கும் சங்கடமான ரகமும் உண்டு. 1893-இல் வந்த கதையில் ஹோம்ஸ் தன் பெரிய எதிரியைப் பற்றி, "பேராசிரியர் மோரியார்ட்டியைக் கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்கிறார், இல்லவே இல்லை என்கிறார் வாட்சன். 1914-இல் தொடராக வெளிவரத் தொடங்கிய "தி வேலி ஆஃப் ஃபியர்" அதற்கு முந்தைய காலத்தில் நடப்பது. அதிலோ வாட்சனுக்கு மோரியார்ட்டியைப் பற்றி நன்றாகவே தெரியும். அந்த நாவலுக்கு மோரியார்ட்டி வேண்டும், அதனால் வெறும் மறதி என்று தள்ள முடியாது. ஆனால் பழைய உரையாடலைச் சரிக்கட்ட ஒரு வரிகூட எழுதப்படவில்லை. வாட்சன் அன்று பொய் சொன்னார் என்று வைத்துக்கொள்ளவும் காரணம் இல்லை. நான் இதை ரெட்கான் பக்கம்தான் வைப்பேன், "தையல் போடாதது" என்று ஓரத்தில் குறித்து.