பௌதிகவியலை விட்டு விவசாயம் எடுக்கலாமா? கையெழுத்து வைக்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: மகள் உயர்தரத்தில உயிரியல் பிரிவில சேர்ந்து மூண்டு கிழமை. பௌதிகவியல் ஒண்டும் விளங்கேல்லையாம், விவசாயத்துக்கு மாறப் போறன், இல்லாட்டி வணிகத்துக்கே போறன் எண்டு நிக்கிறா. ஒரு மாசத்துக்குள்ள பெற்றோரின்ர சம்மதக் கடிதம் தந்தால் மாத்தலாம் எண்டு அதிபர் சொல்லிட்டார். இவர் கட்டாரில. நான் கையெழுத்து வைக்கலாமா? கடிதத்தில என்ன எழுதுறது? (ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

பதில்: மகள் கேட்பதில் இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் கலந்து கிடக்கின்றன. பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானம் எடுப்பது பிரிவுக்குள்ளேயே ஒரு பாடத்தை மாற்றுவது. உயிரியலும் இரசாயனவியலும் அப்படியே இருக்கும். வணிகத்துக்குப் போவதென்றால் மூன்று பாடமும் வகுப்பும் மாறும். கணக்கீட்டில் இரட்டைப் பதிவை மூன்று கிழமையாகப் படித்த பிள்ளைகளோடு போய் இருக்க வேண்டிவரும். இரசாயனவியலும் உயிரியலும் மகளுக்குப் பிடித்திருக்கிறதென்றால் வணிகத்தை இப்போது பேச்சிலிருந்தே எடுத்துவிடுங்கள். அவை இரண்டும்கூடப் பிடிக்கவில்லை என்றால்தான் பிரிவு மாற்றத்தை யோசிக்கலாம்.

அடுத்ததாக மகளின் பௌதிகவியல் கொப்பியை வாங்கிப் பாருங்கள். பாடம் அளவீட்டில் தொடங்கும், வேணியர் இடுக்கிமானி, நுண்மானி என்று போகும். பிறகு விசையும் இயக்கமும் பற்றிய பொறியியல் அலகு வரும். அங்கே விசையை இரண்டு கூறாகப் பிரித்து, சைன், கோசைன் போட்டுச் சமன்பாடு எழுத வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். படத்தில் விசைகளைச் சரியாகக் குறித்து, சமன்பாட்டையும் சரியாக எழுதிவிட்டு, சுருக்கும்போது பிழைவிட்டிருக்கிறாவா? அப்படியென்றால் சிக்கல் பௌதிகவியலில் இல்லை. சாதாரண தரத்து அட்சரகணிதத்திலும் திரிகோணகணிதத்திலும் கொஞ்சம் தளர்வு இருக்கிறது. கணித ஆசிரியர் ஒருவரோடு சில கிழமை இருந்தால் சரிவரும். அதற்காகப் பாடத்தை மாற்றத் தேவையில்லை. படமே வரையவில்லை, எந்த விசை எங்கே தொழிற்படுகிறது என்பதே பிடிபடவில்லை, ஆசிரியரிடம் தனியாகக் கேட்ட பிறகும் அப்படியே இருக்கிறது என்றால் மாறுவதில் நியாயம் உண்டு. பௌதிகவியல் ஆசிரியரிடம், "பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறா?" என்று நீங்கள் நேரே போய்க் கேளுங்கள். ஆசிரியர் சொல்லும் பதில் உங்கள் முடிவுக்கு மிகவும் உதவும்.

மாறினால் எது போகும் என்பது மகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். பௌதிகவியல் இல்லாமல் மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகிய பட்டப்படிப்புகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. விவசாயப் பட்டப்படிப்புக்கு அந்தத் தடை இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உங்களுக்குக் கிட்ட, கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. மற்றப் பட்டங்களில் எதற்கு எந்தப் பாடங்கள் கேட்கிறார்கள் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் தமிழிலும் உண்டு. மகள் மனதில் வைத்திருக்கும் இரண்டு மூன்று பட்டங்களை அதில் தேடி, பாட நிபந்தனையை இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். "டொக்டராக வேணும்" என்ற எண்ணம் மகளிடம் கொஞ்சமாவது இருந்தால் இந்த மாற்றத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

விவசாயம் சுகமான பாடம், புள்ளி அள்ளலாம் என்று பிள்ளைகள் தங்களுக்குள் கதைப்பார்கள். பல்கலைக்கழக அனுமதி வெறும் புள்ளியில் நடப்பதில்லை, இசட் புள்ளியில் நடக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, எல்லாரின் புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் பிரிப்பார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: விவசாயத்தில் சராசரி 50, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். 65 எடுத்த பிள்ளையின் இசட் புள்ளி 1. பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் அதே 15 என்றால், 55 எடுத்த பிள்ளைக்கும் அதே 1 தான். எல்லாருக்கும் சுகமான பாடத்தில் சராசரியும் கூடத்தான் இருக்கும். ஆகவே மகள் அந்தப் பாடத்தை விரும்பி, மற்றவர்களை விட நன்றாகச் செய்வாவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வன்னியில் இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். உங்கள் பாடசாலையில் விவசாய விஞ்ஞானத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அவருக்கு இடமாற்றம் ஏதும் வந்திருக்கிறதா? நேரசூசியில் பாடத்தின் பெயர் இருந்தும் படிப்பிக்க ஆளில்லாமல் போனால், இரண்டு வருடமும் பிள்ளை கொப்பியைப் பார்த்து எழுதுவதோடு நின்றுவிடும். பௌதிகவியலுக்காவது பரந்தனிலோ கிளிநொச்சியிலோ ரியூசன் தேடலாம். விவசாயத்துக்கு அது அவ்வளவு லேசில் கிடைக்காது.

இவ்வளவும் பார்த்த பிறகும் மாறுவதென்றால் கடிதம். சேர்விடாப்பில் பாதுகாவலராக உங்கள் பெயர் இருந்தால் உங்கள் கையெழுத்தே போதும். கணவரின் பெயர்தான் இருக்கிறதென்றால் அதிபரிடம் முதலே சொல்லி, கட்டாரிலிருந்து அவர் கையெழுத்திட்ட கடிதத்தின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். அம்மம்மா, மாமா என்று வேறு ஆட்களோடு இருக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் பெரும்பாலும் இந்தப் பெயர்ச் சிக்கலால்தான் திரும்பி வருகின்றன.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். வகுப்பாசிரியர் ஊடாக அதிபருக்கு என்று எழுதி, கீழே உள்ளதை உங்கள் விபரத்தோடு நிரப்புங்கள்:

"சேர்விலக்கம் ........ உடைய என் மகள் ........ தரம் 12 உயிரியல் பிரிவில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய பாடங்களைக் கற்று வருகிறார். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தைக் கற்க விரும்புகிறார். இதனால் விண்ணப்பிக்க முடியாமற்போகும் பட்டப்படிப்புகள் பற்றி நாங்கள் இருவரும் அறிந்துள்ளோம். இம்மாற்றத்துக்கு நான் சம்மதிக்கிறேன்."

திகதி, உங்கள் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், உங்கள் கையெழுத்து, மகளின் கையெழுத்து எல்லாம் வேண்டும். சாதாரண தரப் பெறுபேற்றின் பிரதியையும் இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியோடு "பெற்றுக்கொண்டேன்" என்று ஒப்பம் வாங்கி வைத்திருங்கள். ஒரு மாதக் கெடு முடிந்த பிறகு "கடிதம் வரவில்லை" என்று யாரும் சொன்னால் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

அனுமதி எழுத்தில் வரும்வரை மகள் பௌதிகவியல் வகுப்பிலேயே இருக்கட்டும். முடிவு வரட்டும் என்று நூலகத்தில் போய் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பாடத்தையும் இழக்கிறார்கள். பாடசாலை மூலம் உயர்தரம் எழுத 80 வீத வரவும் தேவை. மாறிய அன்றே விவசாய ஆசிரியரின் பதிவில் மகளின் பெயர் ஏறிவிட்டதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். விட்டுப்போன பாடக் குறிப்பை ஒரு தோழியின் கொப்பியிலிருந்து அந்தக் கிழமையே எழுதி எடுக்கச் சொல்லுங்கள்.

பரீட்சை விண்ணப்பத்தை நிரப்பும் காலம் வரும்போது பாட இலக்கங்களையும் ஒருமுறை பாருங்கள். பௌதிகவியலுக்கு 01, இரசாயனவியலுக்கு 02, விவசாய விஞ்ஞானத்துக்கு 08, உயிரியலுக்கு 09. பழைய பெயர்ப்பட்டியலைப் பார்த்து நிரப்பும்போது 01 அப்படியே ஏறிவிடலாம். கையெழுத்து வைக்குமுன் அங்கே 08 இருக்கிறதா என்று மகளே பார்க்கட்டும்.