பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடம் பதில் கேட்பது எப்படி?

“பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. ‘கலந்து பேசிட்டுச் சொல்றோம்’ என்றவர்களிடமிருந்து பேச்சே இல்லை. போன் அடித்தாலே மகள் பதறுகிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை. கெடு வைத்தால் மிரட்டுவதாக நினைப்பார்களோ?” – ஒரு தாய்

கேளுங்கள் அம்மா. ஆனால் முதலில் மகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர்கள் இப்போது சரி என்றால் அவளுக்கு இன்னமும் சம்மதமா? இல்லையென்றால் கெடுவே தேவையில்லை, நீங்களே முடித்துக்கொள்ளலாம்.

சம்மதம் என்றால் தேதியை யோசித்து வையுங்கள். ‘நாளைக்குள்’ என்றால் அவசரப்படுத்துவதாகத் தோன்றும், ‘சீக்கிரம்’ என்றால் எந்த நாளும் இல்லை. இடையில் இரண்டு ஞாயிறு வருகிற மாதிரி, பத்துப் பன்னிரண்டு நாள் கொடுங்கள். பெரியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச ஞாயிறுதான் வசதி. தினசரி காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அஷ்டமி, நவமியில் நல்ல வார்த்தை சொல்லத் தயங்குகிற குடும்பங்கள் நிறைய. கடைசி நாள் அதில் விழுந்தால் இன்னும் இரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

இனி வார்த்தை. ‘இருபதாம் தேதிக்குள்ள சொல்லலைன்னா வேற இடம் பார்த்துடுவோம்’ என்பதில் தண்டனை தொனிக்கிறது. பேச்சை அவர்கள் தவறிலிருந்து எடுத்து உங்கள் வீட்டு ஏற்பாட்டில் வையுங்கள். மகளின் அப்பா, பையனின் அப்பாவிடம் மாலையில் போனில் இப்படிச் சொல்லலாம்:

“உங்க குடும்பத்தை எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க. அதனாலதான் வந்த வேற ஜாதகங்களை எடுக்காம வச்சிருக்கோம். இருபதாம் தேதி வரைக்கும் அப்படியே வச்சிருக்கோம், அதுக்கப்புறம் அதையெல்லாம் பார்க்க ஆரம்பிக்கணும். ஒத்து வரலைன்னாலும் பரவாயில்லைங்க, தரகர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், காரணம் எல்லாம் வேண்டாம்.”

அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் பதில் வராததற்குக் காரணம் ‘வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவதுதான். மறுக்க வழி இருந்தால் பதில் வந்துவிடும், மிரட்டலாகவும் தெரியாது. பேசி முடித்ததும் தேதியை மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். பிறகு இருபதாம் தேதி வரை ஒரு நினைவூட்டலும் வேண்டாம். இடையில் இரண்டு தடவை கேட்டால் மிருதுவாகச் சொன்னதும் நெருக்கடியாகிவிடும்.

அவகாசம் கேட்டால், ‘எதுக்காக, எந்தத் தேதி வரைக்கும்?’ என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து அண்ணன் வரவேண்டும் என்பதுபோல் காரணமும் தேதியும் இருந்தால் ஒரு முறை நீட்டிக்கலாம். ‘பார்க்கலாம்’ என்றால் நீட்டிக்காதீர்கள்.

இருபத்தோராம் தேதி காலையிலேயே தரகரிடம் அடுத்த ஜாதகத்தைக் கேளுங்கள். நீங்கள் அசையாமல் இருந்தால் உங்கள் தேதியை அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள், மகளின் காத்திருப்பும் தீராது. அவர்களுக்கு, ‘பதில் வராததால் இத்துடன் விடுகிறோம், உங்கள் பையனுக்கு நல்ல இடம் அமையட்டும்’ என்று இரண்டு வரி போதும். அதன் பிறகும் அவள் சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்தில் சீராகவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதற்கப்புறம் அவர்கள் ‘சரி’ என்று வந்து நின்றால், மகளிடம் கேட்காமல் யாரும் தலையாட்ட வேண்டாம்.