ஜெர்மனி செல்லும் மாணவர்: இங்கே எதை வாங்குவது, அங்கே எதை வாங்குவது?

மதிப்பிற்குரிய ஐயா,

ஆகன் நகரில் இயந்திரப் பொறியியல் முதுகலை படிக்கச் செல்லும் தங்கள் மகனுக்காகத் தாங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எந்த ஊரில் விலை குறைவு என்பதை மட்டும் வைத்து அதைப் பிரித்திருக்கிறீர்கள். அவர் கையில் எப்போது பணம் இருக்கும், எப்போது கடை திறந்திருக்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பட்டியல் மாறிவிடும்.

மாணவர் விசாவுக்காக முடக்கக் கணக்கில் தாங்கள் செலுத்தியுள்ள 11,904 யூரோ, அங்கே நடப்புக் கணக்கு தொடங்கிய பிறகு மாதம் 992 யூரோவாகத்தான் விடுவிக்கப்படும். அதில் அறை வாடகை, காப்பீடு, உணவு ஆகியவை போக மடிக்கணினி வாங்கும் அளவுக்கு மிஞ்சாது. ஆகவே அதை இங்கேயே வாங்கிவிடுங்கள். அங்கு விற்பவற்றில் பெரும்பாலானவை ஜெர்மன் விசைப்பலகை கொண்டவை என்பது இன்னொரு காரணம். Y, Z ஆகிய எழுத்துகள் அதில் இடம் மாறியிருக்கும். நிரல் எழுதத் தேவையான அடைப்புக்குறிகளை இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தித்தான் பெற வேண்டும். வாங்கும்முன் உத்தரவாதம் இந்தியாவுக்கு வெளியே செல்லுமா என்பதைக் கடைக்காரரின் வாய்மொழியை நம்பாமல் நிறுவனத்தின் தளத்தில் அந்த மாதிரியின் பெயரைக் கொண்டு சரிபாருங்கள். இயந்திரப் பொறியியலின் வடிவமைப்பு மென்பொருள்கள் சில விண்டோஸில் மட்டுமே இயங்குவதால், மேக் வாங்கும் எண்ணம் இருந்தால் துறையிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் முன்னதாகவே வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கினால் குறை ஏதும் இருந்தாலும் இங்கேயே தெரிந்துவிடும். பெட்டி பிரிக்காத புதுப் பொருளாகச் சுங்கத்தில் காட்ட வேண்டியும் இராது. ரசீதின் நகல் கைப்பையில் இருக்கட்டும்.

கைப்பேசியைப் பொறுத்தவரை, இப்போது அவரிடம் இருப்பதே போதுமா என்பதை முதலில் பாருங்கள். ஜெர்மனியில் நகரத்துக்கு வெளியே 4ஜி சேவைக்கு 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதாவது பேண்டு 20, பெரிதும் பயன்படுகிறது. இந்தியச் சந்தைக்கான குறைந்த விலைக் கைப்பேசிகள் பலவற்றில் அது இல்லை. அத்தகைய கைப்பேசி நகருக்குள் நன்றாக வேலை செய்யும். ரயில் ஊரைத் தாண்டியதும் சிக்னல் குறையும். நிறுவனத் தளத்தின் விவரப் பட்டியலில் B20 இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டு சிம் வசதி கட்டாயம் வேண்டும், ஏனெனில் இங்குள்ள வங்கியின் ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் வரும். புதிதாக வாங்கினால் இந்திய சிம்மைப் போட்டுச் சில நாள் பேசிவிட்டுக் கொண்டுசெல்லட்டும். சில நிறுவனங்களின் கைப்பேசிகள் அப்படிச் செய்யாவிட்டால் வெளிநாட்டு சிம்மை ஏற்பதில்லை.

மின்னழுத்தம் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்; மின்மாற்றி எதுவும் தேவையில்லை, பிளக்கின் வடிவம் மட்டுமே வேறு. சுவரில் வட்டமான குழிக்குள் இரண்டு துளைகள் இருக்கும். நம் மூன்று முள் பிளக் அதில் நுழையாது. இரண்டு முள் சார்ஜரும் உடல் அகலமாக இருந்தால் குழிக்குள் முழுமையாக இறங்காது. ஜெர்மனிக்கான அடாப்டர் இரண்டை இங்கே வாங்கிக் கொடுங்கள். நான்கைந்து வேண்டாம், மடிக்கணினி சார்ஜரில் சுவருக்குச் செல்லும் கம்பி பெரும்பாலும் தனியே கழன்றுவரும், அந்தக் கம்பியை மட்டும் அங்கே வாங்கி மாட்டினால் அடாப்டரே தேவைப்படாது. மலிவான அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பு இருக்காது. ஆகவே மிக்சியையோ மின்குக்கரையோ அவற்றில் செருக வேண்டாம். தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் போன்றவற்றை அங்கேயே வாங்கட்டும்.

உடைகளில்தான் பெற்றோர் அதிகம் செலவழிக்கிறார்கள் என்பது என் எண்ணம். தங்கள் பட்டியலில் உள்ள இரண்டு கனத்த குளிர் கோட்டுகளையும் நீக்கிவிடுங்கள். ஆகனில் குளிர்காலம் பெரும்பாலும் உறைநிலைக்குச் சற்று மேலேயே இருக்கும். பனியைவிட மழையும் காற்றும்தான் தொல்லை. தண்ணீர் புகாத கோட்டும் காலணியும் அங்கே போட்டுப் பார்த்து வாங்க வேண்டியவை. உள்ளே ஸ்வெட்டர் அணிந்தபின் தோள் பிடிக்கிறதா, தடித்த காலுறையோடு விரல் இடிக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். பருத்தி உள்ளாடைகள், காலுறைகள், அன்றாடச் சட்டைகள், நேர்காணலுக்கு ஒரு கோட்டு சூட்டு ஆகியவற்றை இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தங்கள் மகன் 2026 அக்டோபர் 3, சனிக்கிழமை சென்று சேர்கிறார். அன்று ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள், நாடு முழுவதும் விடுமுறை, மறுநாள் ஞாயிறு. ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற சில இடங்களைத் தவிர இரண்டு நாளும் கடைகள் மூடியிருக்கும். ஆகவே மழை தாங்கும் மெல்லிய மேலாடை ஒன்று, ஒரு ஸ்வெட்டர், உள்ளே அணியும் தெர்மல் இரண்டு சோடி, ஒரு அடாப்டர் ஆகியவை கைப்பையிலேயே இருக்க வேண்டும். பெரிய பெட்டி விமானத்தில் தவறினாலும் திங்கட்கிழமை வரை அவர் சமாளிப்பார். பவர் பேங்கும் கைப்பையில்தான் செல்ல வேண்டும்.