நெஞ்சில் ரசம் கொட்டிய குழந்தையின் படமும் நான் நம்பிய சிவப்பும்

"தாலுகா ஜி.எச்.சில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். தீக்காயத்தின் போட்டோவை மட்டும் பார்த்து, கொப்புளம், நிறம், ஈரம் மூன்றையும் வைத்து ஆழத்தை வகைப்படுத்துவது எப்படி? புத்தகத்து அட்டவணையும் வார்டில் பார்ப்பதும் ஒத்துப்போகவே மாட்டேன் என்கிறது."

அட்டவணை தப்பில்லை. அது நேரில், கழுவிய காயத்தை, விரலால் தொட்டுப் பார்க்கிறவருக்காக எழுதப்பட்டது. உங்கள் கையில் இருப்பது ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம். அநேகமாக அதை மேலே அனுப்பி "ரெஃபர் பண்ணவா, இங்கேயே வைத்துக்கொள்ளவா" என்று கேட்கும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். அந்தப் படத்தை வாங்கிப் பதில் சொல்லும் இடத்தில் நான் இருந்தேன், பிளாஸ்டிக் சர்ஜரி படித்த 3 வருஷமும். அதில் ஒரு படத்தை நான் தவறாகப் படித்தேன். அதனால்தான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

"படத்தைப் பார்த்து ஆழம் சொல்வதே தப்பு" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் அது தெரியும். அனுபவமுள்ள சர்ஜன் நேரில் பார்த்தாலே 60 முதல் 75 சதவீதம்தான் சரியாக வருகிறது. ஆனால் தீக்காய வார்டு இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும்போது, படத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. பார்க்கத்தான் வேண்டும் என்றால் எது ஏமாற்றும் என்று தெரிந்து பார்க்கலாம்.

அந்த இரவு வந்த செய்தி இது: "சார், ரெண்டரை வயசு பையன். சூடான ரசம், நெஞ்சுல. அஞ்சு பர்சன்ட் இருக்கும். பேபி ஸ்டேபிள். ரெஃபர் பண்ணணுமா?" கூடவே ஒரு படம். நெஞ்சு முழுக்கச் சிவப்பு. ஓரங்களில் உடையாத கொப்புளங்கள். நடுவில் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. காயம் பளபளவென்று இருந்தது. எனக்குப் படித்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கொப்புளம் இருக்கிறது, சிவப்பாக இருக்கிறது, ஈரமாக இருக்கிறது. அப்படியானால் அடித்தோலின் மேல்பகுதி மட்டும் வெந்திருக்கிறது, ரத்த ஓட்டம் உயிரோடு இருக்கிறது. "சூப்பர்ஃபிஷியல் பார்ஷியல். அங்கேயே டிரஸ்ஸிங் பண்ணுங்க, ரெண்டு வாரத்தில் ஆறிடும்" என்று பதில் அனுப்பினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

17ஆம் நாள் அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு அவன் அம்மா எங்கள் வார்டுக்கு வந்தார். ஓரமெல்லாம் அழகாக ஆறி, இளஞ்சிவப்பில் புதுத்தோல் வந்திருந்தது. நடுவில் அவனுடைய கை இரண்டு வைக்கிற அளவுக்கு மஞ்சளும் வெளுப்புமாக ஆறாமல் கிடந்தது. "ரெண்டு வாரத்துல ஆறிடும்னு பெரியாஸ்பத்திரி டாக்டரே சொன்னாருன்னாங்க சார், அதான் வீட்டுலயே வச்சிருந்தோம்" என்றார். அந்த டாக்டர் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். 20ஆம் நாள் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து கிராஃப்ட் வைத்தோம்.

அன்றிரவு பழைய படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆழம் என்று காட்டும் அறிகுறிகள் அதிலேயே இருந்தன. நான் பார்க்கவில்லை.

முதலில் ஈரம். காயத்தின் பளபளப்பை ஈரம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் எரியாத தோள்பட்டையிலும் அதே பளபளப்பு இருந்தது. அங்கே ஈரத்துக்கு என்ன வேலை? அது ஃபிளாஷ் வெளிச்சம், மேலே தடவியிருந்த களிம்பின் மினுக்கு. நிஜமான ஈரம் வேறு மாதிரி இருக்கும். மேலோட்டமான காயத்தில் ரத்தக் குழாய்கள் உயிரோடு இருப்பதால் நீர் கசிந்துகொண்டே இருக்கும். துடைத்த சில நிமிஷத்தில் பொட்டுப் பொட்டாக அரும்பும், தாழ்வான ஓரத்தில் தேங்கும், அடியில் விரித்த துணி நனைந்திருக்கும். ஆழமாக வெந்த இடத்தில் குழாய்கள் உறைந்துவிட்டதால் கசிய ஒன்றும் இல்லை, காய்ந்துதான் இருக்கும். படத்தில் மினுக்குத் தெரிந்தால் முதலில் பக்கத்து நல்ல தோலைப் பாருங்கள். அங்கேயும் மினுக்கு இருந்தால் அந்தப் படத்தை வைத்து ஈரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள்.

இரண்டாவது நிறம். என்னை ஏமாற்றியது இதுதான். குழந்தைகளுக்குச் சுடுநீர், ரசம், பால் கொட்டிய காயங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மேலோட்டமான காயத்தின் சிவப்பு, குழாய்க்குள் ஓடுகிற ரத்தத்தின் சிவப்பு. அழுத்தினால் வெளுக்கும், விட்டால் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்கும். அடித்தோலின் ஆழம் வரை வெந்தால் குழாய்கள் சிதைந்து, சிவப்பணுக்கள் வெளியே கசிந்து திசுவிலேயே தங்கிவிடும். அந்த இடமும் சிவப்பாகத்தான் தெரியும். சொல்லப்போனால் இன்னும் அழுத்தமான, செர்ரிப் பழ நிறம். ஆனால் அது கறை. அழுத்தினாலும் வெளுக்காது. கண்ணுக்கு இரண்டும் சிவப்பு, கேமராவுக்கும் இரண்டும் சிவப்பு. விரலுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். என் படத்தில் நடுப்பகுதி ஓரத்தைவிடக் கருஞ்சிவப்பாக, திட்டுத்திட்டாக இருந்தது. ஓரம் ஒரே சீரான இளஞ்சிவப்பு. அந்த எல்லைக் கோடுதான் 17 நாள் கழித்து ஆறிய தோலுக்கும் ஆறாத தோலுக்கும் நடுவே இருந்தது.

கொப்புளத்தைப் பற்றி நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், மூன்றில் நான் குறைவாக நம்புவது அதைத்தான். கொப்புளம் இருந்தால் மேல்தோல் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அடியில் என்ன இருக்கிறது என்பதை அதன் கூரை மறைத்துவிடும். அதே போலக் கொப்புளம் இல்லாததும் இரண்டு முனையிலும் வரும். வெயில் பட்டது போன்ற வெறும் சிவப்பிலும் கொப்புளம் இல்லை, முழு ஆழமும் வெந்து பதனிட்ட தோல் மாதிரி விறைத்த காயத்திலும் பெரும்பாலும் இல்லை. எரிந்த ஒரு மணி நேரத்தில் எடுத்த படம் என்றால் கொப்புளம் இனிமேல்தான் எழும்ப வேண்டியிருக்கும். ஓரத்துக் கொப்புளங்களைப் பார்த்து நடுக்காயத்துக்குப் பெயர் வைத்ததுதான் நான் செய்தது. ஒரே காயத்தில் இரண்டு மூன்று ஆழம் இருப்பது சாதாரணம். இப்போதெல்லாம் படத்தின் மேலேயே விரலால் கோடு போட்டு, இந்த இடம் இது, அந்த இடம் அது என்று பிரித்துத்தான் பதில் அனுப்புகிறேன்.

அந்த அம்மாவிடம் பிறகு கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. பையன் பனியன் போட்டிருந்தான், அது நெஞ்சோடு ஒட்டியிருந்தது, கழற்றக் கொஞ்ச நேரம் ஆனது. 60 டிகிரித் தண்ணீரே பெரியவர்கள் தோலை 5 விநாடியில் ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தையின் தோல் அதைவிட மெலிது, ரசம் அதைவிடச் சூடு, பனியன் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. இதை அன்றிரவு நான் கேட்டிருந்தால் படத்தை வேறு கண்ணோடு பார்த்திருப்பேன்.

நம் மக்களின் தோல் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றீர்களே. நான் படித்த புத்தகங்களில் பெரும்பாலான படங்கள் வெள்ளைத் தோல். கருநிறத் தோலில் நிறமி மேல்தோலின் அடியடுக்கில் இருக்கிறது. கொப்புளம் உரிந்தால் அதுவும் கூடவே போய்விடும். சுற்றிலும் கறுப்பு, நடுவில் வெளிர் இளஞ்சிவப்பு என்று பார்த்ததும் பயந்து "வெள்ளையாக இருக்கிறது, முழு ஆழம்" என்று சொல்லிவிடுவார்கள். ஈரமாக இருந்து, அழுத்தினால் வெளுத்துத் திரும்பினால் அது மேலோட்டமான காயம்தான். முழு ஆழத்தின் வெள்ளை மெழுகு மாதிரி காய்ந்து இருக்கும், சில சமயம் உள்ளே உறைந்த குழாய்கள் கோடு கோடாகத் தெரியும்.

இன்று எனக்குப் படம் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். சலைனில் கழுவி, களிம்பு, மஞ்சள், பேஸ்ட், மாவு எது பூசியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். சில்வர் சல்ஃபாடயசின் இரண்டு மூன்று நாள் போட்ட காயத்தில் மஞ்சள் சாம்பல் படலம் படிந்து, இல்லாத ஆழத்தைக் காட்டும். அதையும் நீக்கிவிடுங்கள். உடைந்து தொங்கும் கொப்புளத் தோலை எடுத்துவிட்டு அடியைக் காட்டுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம், நேர் மேலே இருந்து, கொஞ்சம் நல்ல தோலும் தெரிகிற மாதிரி எடுங்கள். அதைவிட முக்கியம், பத்து விநாடி வீடியோ. வலிக்கு மருந்து கொடுத்த பிறகு, கையுறை போட்ட விரலால் நடுவிலும் ஓரத்திலும் 3 விநாடி அழுத்தி விடுங்கள். ஒரு படம் சொல்லாததை அந்த வீடியோ சொல்லும். எரிந்து எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கீழே எழுதுங்கள்.

முதல் நாள் படத்துக்கு இறுதித் தீர்ப்பும் கேட்காதீர்கள். பர்மிங்ஹாமில் இருந்த தீக்காய சர்ஜன் டக்ளஸ் ஜாக்சன் 1953இல் சொன்னது இன்றும் நிற்கிறது: செத்துப்போன நடுப்பகுதியைச் சுற்றி ரத்த ஓட்டம் தயங்கி நிற்கிற ஒரு வளையம் இருக்கிறது. அது பிழைக்குமா, ஆழமாகுமா என்பது அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் தெரியும். 48 மணி நேரத்திலும் 72 மணி நேரத்திலும் படம் எடுத்து முதல் படத்தோடு வைத்துப் பாருங்கள். நமக்குத் தேவையான கேள்வி "எத்தனையாவது டிகிரி" என்பதல்ல, 3 வாரத்துக்குள் தானாக ஆறுமா என்பதுதான். அதைத் தாண்டினால் தழும்பு தடித்து, இறுகிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனதில் இருப்பதால். இந்தப் படங்கள் எல்லாம் எங்கள் சொந்த போனுக்குத்தான் வந்தன. 24 மணி நேர டியூட்டியில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு பார்ப்போம். பார்த்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. என்ன சொன்னோம் என்று மறுநாள் திரும்பிப் பார்க்க ஆளும் இல்லை. ஒருநாள் என் மகள் போட்டோ பார்க்க போனை வாங்கி, வெந்த ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து அழுதாள். ஒரு கேமரா, ஒரு கணினி, ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு எழுதிக் கொடுத்தோம். நான் படித்து முடிக்கும்வரை வரவில்லை. என் தவறுக்கு இதைக் காரணமாகச் சொல்லவில்லை, அது என் தவறுதான். ஆனால் 3ஆம் நாள் அந்தப் பையனின் இன்னொரு படத்தைக் கேட்க யாருக்காவது ஞாபகம் இருந்திருந்தால், அவனுக்கு ஒரு வாரம் முன்பே கிராஃப்ட் வைத்திருக்கலாம்.

அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நெஞ்சின் நடுவில் தழும்பு தடித்திருக்கிறது. அழுத்த ஆடையும் சிலிக்கான் ஜெல்லும் கொடுத்தோம். வெயில் காலத்தில் அரிக்கிறது என்று ஆடையைக் கழற்றிவிடுகிறானாம். உங்களிடம் இப்போது ஏதாவது படம் இருந்தால், யாருடையது என்று தெரியும் எதையும் இங்கே போடாமல், காயம் எப்படி இருக்கிறது, அழுத்தினால் என்ன ஆகிறது, எத்தனை மணி நேரம் ஆச்சு என்பதை மட்டும் கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.